ஆஃபரை ஏற்கிறேன், ஆனால் சேரும் தேதி மட்டும் தள்ளிப் போகணும்: அந்தக் கடிதத்தை எழுதும் வழி

ஜூன் 3-ஆம் தேதி ராத்திரி பக்கத்து வீட்டுப் பெண் லேப்டாப்போடு வந்தாள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கான பதில் மெயிலை அனுப்புவதற்கு முன்னால், "அக்கா, ஒரு தடவ படிச்சுப் பாருங்க" என்றாள். பதினோரு வருடம் எச்.ஆர். வேலை பார்த்தவள் என்பதால் தெருவில் இந்த மாதிரி மெயிலெல்லாம் என்னிடம்தான் வரும்.

மெயில் இப்படி இருந்தது: "உங்கள் ஆஃபருக்கு நன்றி. என் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்பதால் செப்டம்பரில் சேர அனுமதித்தால் இந்த வேலையை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன்."

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் "அனுமதித்தால்" என்ற ஒரு சொல்லால் இது ஏற்புக் கடிதமே இல்லாமல் போகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7-ஆம் பிரிவு, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. நிபந்தனை போட்டு ஏற்றால் அது நீங்கள் திருப்பி வைக்கிற புது ஆஃபர். அவர்கள் அதற்குச் சரி சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். பதில் சொல்லாமல் இருந்தாலும் அவர்கள் மீது தப்பு இல்லை. அவளுடைய ஆஃபர் லெட்டரில் "ஜூன் 9-க்குள் ஏற்காவிட்டால் இது காலாவதியாகும்" என்றும் இருந்தது. அதாவது அவள் ஏற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க, அந்தப் பக்கம் ஆஃபர் தானாகச் செத்துப்போயிருக்கும்.

சரி, "நிபந்தனையில்லாமல் ஏற்கிறேன், முடிந்தால் தேதியை மாற்றுங்கள்" என்று எழுதினால்? அதிலும் சிக்கல். ஏற்பு செல்லும், ஆனால் அவர்கள் தேதியை மாற்ற மறுத்தால் லெட்டரில் உள்ள ஜூலை 15-க்கு நீங்கள் கட்டுப்பட்டவர். அந்தத் தேதியில் பழைய கம்பெனி உங்களை விடாது.

இரண்டுக்கும் நடுவே இருக்கிற வழி, தேதியைக் கடிதத்தில் கேட்காமல் போனில் கேட்டு முடித்துக்கொள்வது. பிறகு, பேசி முடித்த தேதியை வைத்துக் கடிதத்தில் ஏற்பது. அந்த மெயில் அன்றைக்கு டிராஃப்டிலேயே தங்கிவிட்டது.

முதலில் காலண்டர்

"செப்டம்பரில்" என்று மொட்டையாகக் கேட்டால் எந்த எச்.ஆரும் "எந்தத் தேதி?" என்றுதான் திருப்பிக் கேட்பார். அதனால் கணக்கை முதலில் போட்டோம்.

அவள் திங்கள்கிழமை, ஜூன் 8 அன்று ராஜினாமா கொடுத்துப் பேப்பர் போடுவதாக வைத்துக்கொண்டோம். அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஜூனில் 23 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, ஆக 85. மீதி ஐந்து நாள் செப்டம்பரில். 90-வது நாள் செப்டம்பர் 5, சனிக்கிழமை. சில கம்பெனிகள் பேப்பர் போட்ட மறுநாளிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். அப்போது செப்டம்பர் 6. இது எப்படி என்று உங்கள் கம்பெனி பாலிசியில் பாருங்கள். நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவை அந்த 90 நாளோடு கூட்டிவிடுகிற கம்பெனிகளும் உண்டு. அக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு என்றால் கடைசி நாள் நாலு நாள் தள்ளிப்போகும்.

கடைசி நாளுக்கு மறுநாளே புது வேலையில் சேருகிற மாதிரி தேதி கேட்கக் கூடாது. ரிலீவிங் லெட்டர் அன்றைக்கே கைக்கு வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தேதி இழுத்துக்கொண்டு பழைய கம்பெனியின் விலகல் நாளும் புதுக் கம்பெனியின் சேரும் நாளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பி.எஃப். பதிவில் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததாகக் காட்டும். அதைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்கு மேல், இவள் கோயம்புத்தூரிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னை போகணும்.

அவள் முதலில் சொன்னது செப்டம்பர் 14, திங்கள். காலண்டரைப் பார்த்தால் அன்றைக்கு விநாயகர் சதுர்த்தி, ஆபீஸ் லீவு. இது சின்ன விஷயம்தான், ஆனாலும் விடுமுறை நாளை சேரும் தேதியாகக் கேட்டுவிட்டு மறுபடி மாற்றச் சொன்னால் "இவருக்கு எதுவும் உறுதியில்லை" என்ற எண்ணம் வரும். செப்டம்பர் 9 புதன்கிழமை என்று முடிவு செய்தோம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அவள் அம்மாவுக்கும் திருப்தி. எனக்கு அதில் பிடித்தது, நடுவில் இருக்கிற மூன்று நாள்.

போனில் பேசுவது

மறுநாள், வியாழக்கிழமை, புதுக் கம்பெனி எச்.ஆரிடம் பேசினாள். நான் சொல்லிக்கொடுத்தது மூன்றே வாக்கியம். ஆஃபரை ஏற்கப் போகிறேன். என் நோட்டீஸ் 90 நாள், அதை நேர்காணலிலேயே சொல்லியிருந்தேன். செப்டம்பர் 9 புதன்கிழமை சேர முடியும், அதற்கு ஒத்துக்கொள்வீர்களா?

ஏற்கிறேன் என்பதை முதலில் சொல்லணும். தேதியை முதலில் ஆரம்பித்தால், இவர் வேறு ஆஃபரைப் பார்த்துக்கொண்டு நேரம் கடத்துகிறார் என்று எச்.ஆர். நினைப்பார். நானே அப்படி நினைத்திருக்கிறேன். 90 நாள் நோட்டீஸ் காலத்தில் இன்னொரு கம்பெனி ஆஃபரை வாங்கிக்கொண்டு கடைசி வாரத்தில் காணாமல் போனவர்கள் ஒருவர் இருவர் இல்லை. அந்தச் சந்தேகம் எதிர்முனையில் எப்போதும் இருக்கும். அதனால் காரணத்தையும் நீட்டக் கூடாது. நோட்டீஸ் பீரியட் ஒன்றே போதும். வீடு மாற்றுவது, அப்பா ஆஸ்பத்திரி, தம்பி அட்மிஷன் என்று அடுக்கினால் ஒவ்வொன்றும் பேரம் பேச இடம் கொடுக்கும்.

பதில் மூன்று விதமாக வரலாம். சரி என்றால் வேலை முடிந்தது. "மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றால், ஆஃபர் காலாவதி தேதியை நினைவூட்டி அதற்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள்; முடியாது என்றால் காலாவதி தேதியை இரண்டு நாள் நீட்டி ஒரு வரி மெயில் போடச் சொல்லுங்கள். மூன்றாவது, "ஆகஸ்ட் 17-க்கு மேல் முடியாது" என்கிற மாதிரி இடைப்பட்ட பதில். அப்போது நோட்டீஸை விலை கொடுத்துக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

அதற்கு ஒரு கணக்கு. அவள் ஜூலை 15-க்கே சேரணும் என்றால் ஜூலை 14 வரை 37 நாள்தான் நோட்டீஸில் வேலை பார்த்திருப்பாள். 53 நாள் குறையும். அவளுடைய பேசிக் மாதம் 40,000 ரூபாய். குறையும் நாளுக்கு பேசிக் மட்டும் பிடித்தம் என்றால் சுமார் 70,700 ரூபாய். மொத்தச் சம்பளமான 80,000-த்தில் பிடித்தம் என்றால் 1,41,000-க்கு மேல். இரண்டில் எது என்பது பழைய கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கும். பணம் கட்டினால் போதுமா, கம்பெனி சம்மதமும் வேண்டுமா என்பதும் அங்கேதான் இருக்கும். நிறைய லெட்டர்களில் "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால் பணம் கையில் இருந்தும் பலனில்லை. இதைப் பார்க்காமல் "முன்னாடியே வந்துடறேன்" என்று போனில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அவளுக்கு எச்.ஆர். சாயங்காலமே கூப்பிட்டு, 9-ஆம் தேதி சரி என்றார். அதோடு அவள் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டாள்: தேதி தள்ளுவதால் லெட்டரில் வேறு ஏதாவது மாறுமா? நல்ல கேள்வி. சில கம்பெனிகளில் ஜாயினிங் போனஸ் ஒரு தேதிக்குள் சேர்ந்தால்தான். அடுத்த சம்பள உயர்வுக்கும் "இந்தத் தேதிக்கு முன் சேர்ந்தவர்கள்" என்று ஒரு கோடு இருக்கும். இவளுடைய கம்பெனியில் அந்தக் கோடு அக்டோபர் 1, அதனால் தப்பித்தாள்.

லெட்டரைப் பேனாவோடு படிப்பது

ஏற்புக் கடிதத்தில் எல்லா நிபந்தனைகளையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. லெட்டரில் தெளிவாக இருப்பதைக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். எழுத வேண்டியது, இரண்டு விதமாகப் படிக்க முடிகிற இடங்களும், வாயால் சொல்லி லெட்டரில் இல்லாதவையும். இவளுடைய லெட்டரில் நாலு தேறின.

சம்பளம். நேர்காணலில் "பதினாலு, பிளஸ் ஒண்ணு" என்றார்கள். லெட்டரின் பின்னிணைப்பில் ஆண்டு மொத்த சி.டி.சி. 14,00,000 என்றும், ஆறாவது பத்தியில் ஜாயினிங் போனஸ் 1,00,000 என்றும் இருந்தது. அந்த ஒரு லட்சம் பதினாலுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று எங்கேயும் இல்லை. உள்ளே என்றால் அடுத்த வருடம் அவளுடைய சம்பளம் பதிமூன்று. பின்னிணைப்பைக் கூட்டிப் பார்த்தோம். பேசிக், வீட்டு வாடகைப் படி, சிறப்புப் படி, பி.எஃபில் கம்பெனி பங்கு, கிராஜுவிட்டி, 1,40,000 வேரியபிள் எல்லாம் சேர்ந்து போனஸ் இல்லாமலேயே 14 லட்சம் வந்தது. ஆக வெளியேதான். இருந்தாலும் எழுதி உறுதி வாங்குவது நல்லது. நீங்களும் பின்னிணைப்பை ஒருமுறை கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள்; கூட்டல் தப்பாக வந்த லெட்டர்களை நானே அனுப்பி, பிறகு திருத்தியிருக்கிறேன்.

போனஸைத் திருப்பித் தருவது. 12 மாதத்துக்குள் விலகினால் ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கட்டணும் என்று இருந்தது. எந்தத் தொகையை? ஒரு லட்சத்தில் வரி பிடித்த பிறகு கையில் சுமார் எண்பதாயிரம்தான் வரும். திருப்பிக் கட்டும்போது முழு லட்சத்தையும் கேட்டால் வரி போன பணமும் நம் கையிலிருந்து போகும். லெட்டரில் "போனஸ் தொகை" என்று மட்டும் இருந்தால், கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முழுத் தொகை என்றுதான் பதில் வரும். அது தெரிந்தே கையெழுத்துப் போடுவது வேறு, விலகும் நாளில் தெரிந்துகொள்வது வேறு.

புது நோட்டீஸ் பீரியட். இரண்டாம் பக்கத்தில் வேலை உறுதியான பிறகு 60 நாள், கடைசிப் பக்கத்தில் 90 நாள். பழைய லெட்டரை நகலெடுத்து ஒட்டும்போது நடக்கிற பிழை. 90 நாளால் இப்போது படுகிற பாட்டுக்குப் பிறகு அவள் இதை விடுவதாக இல்லை.

வீட்டிலிருந்து வேலை. வாரம் இரண்டு நாள் என்று மேனேஜர் சொன்னார். லெட்டரில் பணியிடம் சோழிங்கநல்லூர், "எந்தக் கிளைக்கும் மாற்றப்படலாம்". இதை லெட்டரில் சேர்க்கச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள். பாலிசி மாறிக்கொண்டே இருக்கும் என்பார்கள், அது நியாயமும்கூட. மெயிலில் "தற்போதைய பாலிசிப்படி இரண்டு நாள்" என்று பதில் வாங்கலாம். ஆனால் அது நிரந்தர உரிமை ஆகாது. நாளைக்குப் பாலிசி மாறினால் அந்த மெயிலைக் காட்டி வாதாட முடியாது. இரண்டு நாளை நம்பி சென்னையில் வீடே எடுக்காமல் கோயம்புத்தூரிலிருந்து போய்வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அதைக் கைவிடச் சொன்னேன்.

கடிதம்

பெரும்பாலான கம்பெனிகளுக்கு இது ஆங்கில மெயிலாகத்தான் போகும். எந்த மொழியில் எழுதினாலும் வரிசை ஒன்றுதான், அதனால் தமிழில் தருகிறேன். ஆஃபர் வந்த அதே மெயில் தொடரில், எல்லோருக்கும் பதில் என்பதை அழுத்தி எழுதுங்கள்; புது மெயிலாகப் போட்டால் ஆறு மாதம் கழித்துத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

> பொருள்: ஆஃபர் ஏற்பு – (பதவி), ஆஃபர் எண் (…), சேரும் தேதி 9 செப்டம்பர் 2026
>
> மதிப்பிற்குரிய (பெயர்) அவர்களுக்கு,
>
> 2 ஜூன் 2026 தேதியிட்ட தங்கள் ஆஃபர் லெட்டரின்படி (பதவி) வேலையை ஏற்றுக்கொள்கிறேன்.
>
> இன்று தொலைபேசியில் பேசி ஒப்புக்கொண்டபடி, என் சேரும் தேதி ஜூலை 15-க்குப் பதிலாக 9 செப்டம்பர் 2026, புதன்கிழமை. தற்போதைய நிறுவனத்தில் என் நோட்டீஸ் காலம் 90 நாள். முன்கூட்டியே விடுவிக்கப்பட்டால் உடனே தெரிவிக்கிறேன். இந்தத் தேதியுடன் திருத்திய ஆஃபர் லெட்டரை ஜூன் 9-க்குள் அனுப்ப வேண்டுகிறேன். அது கிடைத்ததும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, இங்கே ராஜினாமா கொடுக்கிறேன்.
>
> லெட்டரை நான் புரிந்துகொண்ட விதம் கீழே. ஏதாவது மாறுபட்டால் தெரிவியுங்கள்.
>
> 1. ஆண்டு சி.டி.சி. ரூ. 14,00,000 (இதில் வேரியபிள் ரூ. 1,40,000). ஜாயினிங் போனஸ் ரூ. 1,00,000 இதற்கு வெளியே. சேர்ந்த முதல் மாதச் சம்பளத்துடன் வழங்கப்படும்.
> 2. 12 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டியது, வரி பிடித்த பின் நான் பெற்ற தொகை.
> 3. வேலை உறுதியான பிறகு நோட்டீஸ் காலம் 60 நாள் (பக்கம் 2). கடைசிப் பக்கத்தில் 90 என்று உள்ளதைத் திருத்த வேண்டுகிறேன்.
> 4. தற்போதைய பாலிசிப்படி வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை.
>
> நன்றி.
>
> (பெயர், கைபேசி எண்)

இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஏற்பு முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது. "ஆனால்", "என்றால்" எதுவும் அதே வாக்கியத்தில் இல்லை. தேதியையும் வேண்டுகோளாக எழுதவில்லை, ஒப்புக்கொண்ட விஷயமாக எழுதியிருக்கிறது. போனில் சரி என்று வாங்கியிருந்தால்தான் இப்படி எழுதலாம். பேசாமலே "பேசியபடி" என்று எழுதினால் பொய்யாகும், எச்.ஆர். அதை மறக்க மாட்டார்.

நாலு குறிப்பையும் "இது சரியா?" என்று கேள்வியாக எழுதாமல் "நான் புரிந்துகொண்டது இது" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கேள்விக்குப் பதில் எழுத ஒருவர் உட்கார்ந்து யோசிக்கணும். புரிதலுக்கு "ஆம், சரி" என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரி நாலுக்கும் சேர்த்து உறுதி ஆகிவிடுகிறது. ஒரு சங்கடம், பதிலே வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு.

போர்ட்டலில் இருக்கும் பட்டன்

இப்போதெல்லாம் ஆஃபரோடு ஒரு இணைப்பு வருகிறது. திறந்தால் பழைய தேதியோடு லெட்டர், கீழே ஏற்கிறேன் என்று ஒரு பட்டன். மெயில் அனுப்பிவிட்டோமே என்று அதையும் அழுத்திவிட்டால், நீங்கள் மின் கையெழுத்துப் போட்ட ஆவணத்தில் ஜூலை 15 என்றுதான் இருக்கும். மெயிலில் பேசியதும் கையெழுத்தில் இருப்பதும் முட்டிக்கொண்டால் கையெழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம். திருத்திய லெட்டர் போர்ட்டலில் ஏறும் வரை கை வைக்காதீர்கள். "முதலில் அழுத்துங்கள், தேதியை உள்ளே மாற்றிக்கொள்கிறோம்" என்று சொல்வார்கள். பல நேரம் உண்மையிலேயே மாற்றிவிடுவார்கள். ஆனாலும், "பட்டனை அழுத்துகிறேன், சேரும் தேதி செப்டம்பர் 9 என்பதன் அடிப்படையில்" என்று ஒரு மெயில் போட்டு, அதற்குச் சரி என்று பதில் வந்த பிறகு அழுத்துங்கள்.

பேப்பர் எப்போது போடுவது

திருத்திய லெட்டர் கைக்கு வந்த பிறகு. போனில் சரி சொன்ன பிறகு அல்ல, ஏற்பு மெயில் அனுப்பிய பிறகும் அல்ல. இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர், போனில் சொன்ன சொல்லை நம்பிப் பேப்பர் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து அந்தப் பதவியே நிறுத்தப்பட்டது என்று கேட்டு, பழைய மேனேஜரிடம் போய் ராஜினாமாவைத் திரும்பத் தரச் சொல்லி நின்றார். ஆஃபர் லெட்டரும் இரும்புக் கோட்டை இல்லைதான். பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் தேதியோடு கூடிய காகிதமாவது கையில் இருக்கும்.

இவளுக்குத் திருத்திய லெட்டர் எதிர்பார்த்த திங்கள் வரவில்லை. சாயங்காலம் ஒரு நினைவூட்டல் அனுப்பச் சொன்னேன், இரண்டே வரி: நாளையோடு ஆஃபர் காலாவதியாகிறது, திருத்திய லெட்டருக்குக் காத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு வந்தது. சேரும் தேதி மாறியிருந்தது, நோட்டீஸ் 60 என்று திருத்தியிருந்தார்கள். மெயிலில் போனஸ் வெளியே என்றும், வீட்டிலிருந்து வேலை தற்போதைய பாலிசிப்படி என்றும் பதில். திருப்பித் தர வேண்டியது முழு லட்சம்தான் என்றார்கள். அதை மட்டும் ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, "பன்னெண்டு மாசம்தானே அக்கா, இருந்துருவேன்" என்று கையெழுத்துப் போட்டாள். மதியம் பேப்பர் போட்டாள்.

ஒரு நாள் தள்ளியதால் 90-வது நாள் செப்டம்பர் 6, ஞாயிறு ஆனது. அவளுடைய கம்பெனி மறுநாளிலிருந்து எண்ணினாலும் 7, திங்கள். எப்படிப் பார்த்தாலும் 9-க்கு முன்னால் குறைந்தது ஒரு நாள் மிச்சம். அன்றைக்கு ராத்திரியே புது எச்.ஆருக்கு இன்னொரு மெயில் போனது: இன்று ராஜினாமா கொடுத்தேன், ஏற்றுக்கொண்டதற்கான மெயில் இணைத்துள்ளேன், கடைசி வேலை நாள் உறுதியானதும் தெரிவிக்கிறேன்.